உரச்சாக்கும் கைரேகையும்: ஒரு களக் குறிப்பேடு ஆய்வேட்டு இயலாக மாறும் கதை

காலை 7.40. ஷட்டர் சாத்தி. பை 13, செங்கல் 1, ஆள் 5. கட்டைப்பை, உரச்சாக்கு. நீலப் பை = பாட்டி, வேப்பமரத்தடி. 9.20 விற். வந்தார். மிஷின். “சர்வர் வரல.” பச்சைப் புடவை நீலப் பையைக் காலால் தள்ளினார். கண்ணாடி அம்மா: “அதுக்கு ஆளு இருக்கு.” பை பழைய இடம். செங்கலும் நகர்ந்தது. யாரும் பேசல. 10.05 பாட்டி ரேகை 4 தடவை. விழல. விரலைப் புடவையில் துடைத்தார். ~விற்: பேத்தியைக் கூட்டி வாங்க, நான் என்ன பண்ண. பாட்டி பையோடு போனார். எனக்குக் கால் வலி. டீ.

ரேஷன் கடை வாசலில் நின்று எழுதிய குறிப்பு எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக நானே அமைத்த பக்கம் இது. எந்தக் கடையையும் எந்த ஆளையும் குறிப்பதல்ல. ஆனால் சமூகவியலிலோ மானிடவியலிலோ முனைவர் பட்டத்துக்குக் களப்பணி செய்கிறவர்களின் பையில் இந்தச் சாயலில் நாலைந்து நோட்டுகள் கட்டாயம் கிடக்கும். ஓர் இடத்தில் மாதக்கணக்கில் இருந்து, அங்குள்ளவர்கள் செய்வதைப் பார்த்து, பேசுவதைக் கேட்டு எழுதும் இனவரைவியல் ஆய்வில் இந்த நோட்டுதான் மூலதனம். களத்திலிருந்து திரும்பியவுடன் நெறியாளர் கேட்பது வேறு: “இயலை எப்போது தருவாய்?” நோட்டுக்கும் இயலுக்கும் இடையே என்ன நடக்க வேண்டும் என்பதைப் பலரும் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

நடக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, குறிப்பிலிருந்து சிறு நிகழ்ச்சிச் சித்திரங்களை எழுதுவது. ஒரே இடம், ஒரே பொழுது, அங்கு நடந்தது மட்டும். நூறிலிருந்து இருநூறு சொற்களுக்குள் முடிந்துவிட வேண்டும். இன்னொன்று பகுப்பாய்வுக் குறிப்பு. ஆராய்ச்சியாளர்கள் வாயில் ‘மெமோ’. அலுவலகத்தில் விளக்கம் கேட்டு நீட்டுவார்களே, அந்த மெமோ இல்லை. நடந்ததைக் கொண்டு நான் என்ன சொல்ல வருகிறேன், எதை வைத்துச் சொல்கிறேன், எங்கே அது இடிக்கிறது என்று ஆய்வாளர் தனக்குத்தானே எழுதிக்கொள்வது. சித்திரம் வாசகருக்கு. மெமோ முதலில் எழுதுபவருக்கு. அதிலிருந்துதான் பிறகு இயலின் வாதம் பிறக்கிறது.

மேலே உள்ள பக்கத்தை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம். ஆய்வு மாணவி ஒருவர், நியாயவிலைக் கடைகளில் மக்கள் காத்திருக்கும் விதத்தைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை அன்றிரவே முடிய வேண்டியது: கிறுக்கலை முழு வாக்கியங்களாக விரித்து எழுதுவது. களத்தில் இரண்டு மணி நேரம் நின்றால் மேசையில் குறைந்தது அவ்வளவு நேரமாவது உட்கார வேண்டும். தள்ளிப்போட்டால் ‘பை பழைய இடம்’ என்ற மூன்று சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு வாரத்தில் அவருக்கே மறந்துவிடும். பையை எடுத்து வைத்தது யார்? தள்ளியவரா, கண்ணாடி அம்மாவா? அன்றிரவு எழுதியிருந்தால் நினைவில் இருந்திருக்கும். நம் மாணவி எழுதவில்லை. இந்த ஓட்டை கடைசிவரை அவரைத் தொடரப்போகிறது.

விரித்து எழுதும்போது ஒரு கட்டுப்பாட்டை விடவே கூடாது. மேற்கோள் குறிக்குள் வருவது காதில் விழுந்த அதே சொல்லாக இருக்க வேண்டும். “அதுக்கு ஆளு இருக்கு” என்பது அப்படிப்பட்டது. விற்பனையாளர் சொன்னதற்கு முன்னால் ஓர் அலைக்குறி இருக்கிறது. சாரம் மட்டும்தான் கைவசம் உள்ளது என்பதற்கு மாணவி வைத்துக்கொண்ட அடையாளம் அது. இரண்டாண்டு கழித்து இயல் எழுதும்போது அந்தச் சாரத்துக்கு மேற்கோள் குறி போட்டு, வட்டார வழக்கையும் தூவி, நல்ல வசனமாக ஆக்கிவிடக் கை துறுதுறுக்கும். அலைக்குறிதான் கையைப் பிடித்து நிறுத்தும்.

கிறுக்கல் வேறு, அதைத் திருத்தி வகைபிரித்து வைத்த குறிப்பு வேறு என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சோகமான சான்று உண்டு. மைசூர் அருகே ஒரு கிராமத்தில் 1948இல் களப்பணி செய்தவர் எம். என். ஸ்ரீநிவாஸ். அந்த ஊருக்கு ராம்புரா என்று புனைபெயர் வைத்தார். பல ஆண்டுகள் உழைத்து வகைபிரித்த குறிப்புகளின் மூன்று படிகளும், 1970 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ வைத்த தீயில் எரிந்துபோயின. பெரும்பாலும் நினைவை நம்பி அவர் எழுதிய ‘தி ரிமெம்பர்ட் வில்லேஜ்’ 1976இல் வெளிவந்தது. அது அருமையான நூல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இருபது ஆண்டுக்கு மேல் அந்த ஊரை மனத்தில் சுமந்தவருக்குக் கைவந்தது, முதல் ஆய்வேடு எழுதுபவருக்கு வரும் என்று நம்ப வேண்டாம். ஒரு படியை வேறு ஊரில் வைத்திருங்கள்.

அடுத்த வேலையை நிறைய பேர் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நோட்டுகள் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை தேதி வரிசையில் வாசிக்க வேண்டும். நினைவில் நிற்கும் நல்ல பக்கங்களை மட்டும் புரட்டினால், ஏற்கெனவே நம்புவதற்குத்தான் சான்று கிடைக்கும். வாசிக்கும்போது ஓரத்தில் சிறு சொற்களை எழுதிக்கொண்டே போக வேண்டும்: பை, சர்வர், ரேகை, தெரிந்தவர், நிழல். ஆரம்பத்தில் ஓரம் நிறைய சொற்கள் சேரும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ‘அதிகாரம்’, ‘எதிர்ப்பு’, ‘விளிம்புநிலை’ என்று புத்தகத்தில் படித்த பெரிய சொற்களை முதல் வாசிப்பிலேயே ஓரத்தில் இறக்குவதுதான் கெடுதல். அவை எந்தப் பக்கத்துக்கும் பொருந்தும். ஆகவே ஒரு பக்கத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது.

‘பை’ என்ற சொல் விழுந்த பக்கங்களை நம் மாணவி தனியே எடுத்து அடுக்குகிறார். பையைப் பிறர் நகர்த்தியபோது என்ன நடந்தது என்ற கேள்வியோடு மறுபடி வாசிக்கிறார். சில பக்கங்களில் யாரோ குரல் கொடுக்கிறார்கள். சிலவற்றில் சொந்தக்காரர் ஓடி வருகிறார். சிலவற்றில் ஒன்றும் நடப்பதில்லை. பை பின்னால் போய்விடுகிறது. இந்த மூன்றும் கண்ணில் பட்டவுடன் வாசிப்பதை நிறுத்திவிட்டு, தோன்றியதை எழுதிவிட வேண்டும். 1967இல் வெளிவந்த கிளேசர், ஸ்ட்ராஸ் இருவரின் நூல் வலியுறுத்தும் பழக்கம் இது: குறியிட்டுக்கொண்டே போகும்போது ஒரு யோசனை உறுத்தினால் குறியிடுவதை நிறுத்து, யோசனையை எழுது. அரைப் பக்கம் போதும். நம் மாணவி எழுதியது இது:

பை இடம் பிடிப்பதில்லை. பையைப் பார்த்த கண் இடம் பிடிக்கிறது. நீலப் பை திரும்பி வந்ததற்குக் காரணம் கண்ணாடி அம்மா வாய் திறந்தது. செங்கலுக்கு யாரும் வாய் திறக்கவில்லை. ஏன்? செங்கல் யாருடையது?

இலக்கணம் பார்க்காமல், மேற்கோள் நூல் தேடாமல் எழுதிய ஐந்தாறு வரி. இயலின் முதுகெலும்பு இதில் வந்துவிட்டது. சித்திரத்தை முதலில் எழுதுவதா, மெமோவையா என்று மாணவர்கள் கேட்பார்கள். என் கட்சி, இப்படி ஒரு சின்ன மெமோதான் முதலில். எதைச் சொல்லப்போகிறோம் என்ற மங்கலான எண்ணமாவது இல்லாமல் சித்திரம் எழுத உட்கார்ந்தால், எது அழகான காட்சியோ அதுதான் எழுத வரும்.

அந்த அழகு எப்படிக் கெடுக்கும் என்று பாருங்கள். அதே பக்கத்திலிருந்து இப்படி ஒரு சித்திரம் எழுதலாம்:

வாழ்நாளெல்லாம் உழைத்துத் தேய்ந்த விரல்களை அந்த மூதாட்டி மீண்டும் மீண்டும் இயந்திரத்தில் பதித்தார். இரக்கமற்ற இயந்திரம் அவரை அடையாளம் காண மறுத்தது. கண்களில் ஏக்கம் ததும்ப, காலிப் பையோடு, வெயிலில் தள்ளாடி நடந்தார்.

பத்திரிகைச் சிறுகதையாக இருந்தால் மன்னிக்கலாம். உழைத்துத் தேய்ந்ததால்தான் ரேகை விழவில்லை என்று குறிப்பேட்டில் இல்லை. விரல் ஈரமாக இருந்திருக்கலாம், கருவியின் கண்ணாடி அழுக்காக இருந்திருக்கலாம். ஏக்கம் இல்லை. வெயிலும் இல்லை. பை காலி என்பதுகூட இல்லை. மூதாட்டி சலிப்போடு திட்டிக்கொண்டே போயிருந்தால்? ஆய்வாளர் தன் இரக்கத்தை எடுத்து அவர் முகத்தில் ஒட்டிவிட்டார்.

பெரிய பெயர்களுக்கும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விலக்கு இல்லை. பாலித் தீவின் சேவற்சண்டை பற்றி கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1972இல் வெளியிட்ட கட்டுரை, 1958இல் நடந்த ஒரு போலீஸ் சோதனையோடு தொடங்குகிறது. சண்டை பார்க்க வந்த கூட்டம் சிதறி ஓட, கீர்ட்ஸும் மனைவியும் கூடவே ஓடுகிறார்கள். அதுவரை கண்டுகொள்ளாத ஊர் அதற்குப் பிறகு அவர்களை ஏற்றுக்கொள்கிறது. இனவரைவியல் வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் தொடக்கச் சித்திரம் அது. ஆனால் 1986இல் வின்சென்ட் கிராபன்சானோ அக்கட்டுரையைப் பிரித்துப் பார்த்து ஒரு கேள்வி எழுப்பினார். பாலி மக்கள் இப்படி உணர்கிறார்கள், அப்படி அனுபவிக்கிறார்கள் என்று கீர்ட்ஸ் சொல்லிக்கொண்டே போகிறாரே, எந்தப் பாலிக்காரர், எப்போது, யாரிடம் அப்படிச் சொன்னார்? கேள்வி இன்றும் நிற்கிறது. சித்திரம் எழுதும் ஒவ்வொருவரும் அதைத் தன் வரிகளிடம் கேட்க வேண்டும்.

கேட்டபின் நம் மாணவியின் பக்கம் இப்படி வரும்:

காலை ஏழு நாற்பதுக்கு ஷட்டர் சாத்தியிருந்தது. வாசலில் ஐந்து பேர். வரிசையில் பதின்மூன்று பைகளும் ஒரு செங்கலும். நீலப் பையின் சொந்தக்காரரான மூதாட்டி வேப்பமரத்தடியில் இருந்தார். ஒன்பது இருபதுக்கு விற்பனையாளர் வந்தார். “சர்வர் வரல.” பச்சைப் புடவை கட்டிய பெண் நீலப் பையைக் காலால் தள்ளினார். கண்ணாடி போட்ட இன்னொரு பெண், “அதுக்கு ஆளு இருக்கு” என்றார். பை பழைய இடத்துக்கு வந்தது. பத்து மணி ஐந்துக்கு மூதாட்டி நான்கு தடவை விரல் வைத்தார். ரேகை விழவில்லை. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பேத்தியைக் கூட்டி வரச் சொன்ன விற்பனையாளர், தான் வேறென்ன செய்ய முடியும் என்று கேட்டார். மூதாட்டி பையை எடுத்துக்கொண்டு போனார்.

காட்சி இளைத்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் பொறுக்கி எடுத்த விதத்தில்தான் வாதம் ஒளிந்திருக்கிறது: ஆள் இல்லாதபோது பை நிலைத்தது, ஆளே வந்து நின்றபோது வேலை நடக்கவில்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததோடு ஆய்வாளரின் கை நின்றுவிட்டது. கால் வலியும் டீயும் வெளியே போயின, அவை வாதத்துக்கு உதவாததால். ‘பை பழைய இடத்துக்கு வந்தது’ என்ற வரி கொஞ்சம் மழுப்பலாகவே நிற்கிறது. வைத்தது யார் என்று தெரியாதபோது மழுப்பலாக நிற்பதுதான் நேர்மை. ‘தள்ளினார்’ என்பது ‘தள்ளுவார்’ ஆகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் நடந்ததை ஊர் வழக்கமாக மாற்ற ஒரு வினைமுற்று போதும். தேர்வாளர் கண்ணுக்கும் அது எளிதில் தப்பிவிடும்.

இனி முழு மெமோ. சித்திரத்துக்கு விளக்கவுரை எழுதுவது மெமோ அல்ல. ‘இதிலிருந்து காத்திருப்பின் கடினம் புரிகிறது’ என்று எழுதினால், வாசகர் ஏற்கெனவே பார்த்ததைத் திருப்பிச் சொன்னதாகத்தான் ஆகும். பக்கத்தில் இல்லாத ஒன்றை, பக்கத்தின் துணையோடு சொல்ல வேண்டும். நம் மாணவி எழுதுகிறார்: இந்த வாசலில் ஒருவர் ‘இருக்கிறார்’ என்பதற்கு இரண்டு வகை நிரூபணம் நடக்கிறது. வரிசையில், அக்கம்பக்கத்தார் சாட்சி சொன்னால் போதும்; ஆள் மரத்தடியில் இருக்கலாம், வீட்டுக்கே போய் உலை வைத்துவிட்டு வரலாம். மிஷின் முன்னால் அந்தச் சாட்சி செல்லாது. எதிரே நிற்பவர் யாரென்று தெரிந்திருந்தாலும் விரல்தான் பேச வேண்டும். ஒரே காலையில், சில அடி தூரத்துக்குள், மூதாட்டி முதல் முறையில் இருக்கிறார், இரண்டாவதில் இல்லாமல் போகிறார்.

இது நல்ல வாதம். நல்ல வாதமாக இருப்பதாலேயே உடனே சந்தேகப்பட வேண்டும். விற்பனையாளருக்கு மூதாட்டியைத் தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம்? பேத்தியைக் கூட்டி வரச் சொன்னாரே, அதனால் குடும்பத்தைத் தெரியும் என்று மாணவி முதலில் எழுதினார். ஆனால் குடும்ப அட்டையில் பெயர் உள்ள யாரும் ரேகை வைக்கலாம். அட்டையைக் காட்டியதும் உறுப்பினர் பெயர்களைத் திரையில் பார்த்தே அவர் சொல்லியிருக்கக்கூடும். எனவே அந்த வரி அடிபடுகிறது, அல்லது ‘உறுதி செய்ய வேண்டும்’ என்ற குறிப்போடு நிற்கிறது. மறுபடி களத்துக்குப் போய் விற்பனையாளரிடமே கேட்க வேண்டிய கேள்வி அது. மெமோவின் ஓரத்தில் இப்படி நாலைந்து கேள்வி சேர்ந்தால் மெமோ உயிரோடு இருக்கிறது என்று பொருள். கேள்வியே இல்லாமல் வழுவழுவென்று முடிந்தால், நோட்டைத் திறக்காமல் எழுதியிருக்கிறார் என்று நான் சந்தேகப்படுவேன்.

பிறகு செங்கல். வாதத்துக்கு ஒத்துவராத சான்றைத் தேடிப் பிடிப்பதுதான் மெமோவின் கடினமான பகுதி. இங்கே அது அதே பக்கத்தில் கிடக்கிறது. சாட்சியம் வரிசையைக் காக்கிறது என்றால் செங்கலை ஏன் காக்கவில்லை? மாணவி மறுபடி நோட்டுகளைப் புரட்டுகிறார். நகர்த்தியபோது யாரும் குரல் கொடுக்காத வேறு இரண்டு நாட்கள் அகப்படுகின்றன என்று கொள்வோம். இரண்டிலும் சொந்தக்காரர்கள் அந்தத் தெருவுக்குப் புதிதாக வாடகைக்கு வந்தவர்கள். உடனே வாதம் முறுக்கேறுகிறது. அக்கம்பக்கத்துச் சாட்சியம் எல்லோருக்கும் கிடைப்பதல்ல, தெரிந்த முகத்துக்குத்தான். மிஷினோ தெரிந்த முகம், தெரியாத முகம் பார்ப்பதில்லை. மூதாட்டியைத் திருப்பி அனுப்பிய அதே மிஷின், புதிதாக வந்தவருக்கு வரிசையைவிட நியாயமாக நடந்துகொள்கிறதோ? ‘கொடிய இயந்திரம், கனிந்த சமூகம்’ என்ற சுலபமான கதை இங்கே உடைகிறது. செங்கலின் சொந்தக்காரர் யாரென்று மட்டும் இன்னும் தெரியாது. அதையும் மெமோவில் எழுதித்தான் ஆக வேண்டும். ஒரே கடை, காலை வேளை மட்டும், பெண்கள் வரிசையில் நின்று பார்த்தது என்ற எல்லைகளும் அங்கேயே பதிவாக வேண்டும்.

இயலில் இவற்றை இணைக்க இரண்டு வழிகளை எமர்சன், ஃப்ரெட்ஸ், ஷா மூவரின் 1995ஆம் ஆண்டு நூல் பேசுகிறது. குறிப்பேட்டுப் பகுதியைத் தனியே உள்தள்ளி வைத்து, கீழே விளக்கம் எழுதுவது ஒன்று. குறிப்பையும் விளக்கத்தையும் ஒரே நடையில் பின்னிச் செல்வது இன்னொன்று. முதல் ஆய்வேட்டுக்கு நான் முதல் வழியையே சொல்வேன். களத்தில் பார்த்தது எது, மேசையில் யோசித்தது எது என்று வாசகருக்குப் பிரிந்து தெரியும், எழுதுபவருக்கும் தெரியும். நம் மாணவிக்கு மூன்று சித்திரங்கள் போதும்: நீலப் பை, ரேகை விழாத நாள், யாரும் வாய் திறக்காத ஒரு காலை. ஒரு சித்திரத்தை எடுத்துவிட்டு இயலை வாசித்துப் பாருங்கள். வாதத்தில் ஒன்றும் குறையவில்லை என்றால் அது அலங்காரம். அலங்காரத்தை எடுத்துவிடலாம்.

பெயர் மறைப்பதை மாணவர்கள் கடைசி நாள் வேலையாக நினைக்கிறார்கள். ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர் மாவட்டக் கிராமத்துக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று பெயர் சூட்டினார். ஊர்ப் பெயரை மாற்றும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் ஒரு தெருவுக்குள் பெயர் மாற்றம் பெரிதாக ஒன்றையும் மறைக்காது. நீலப் பை, வேப்பமரம், கண்ணாடி, பேத்தி என்ற நான்கும் சேர்ந்தால் அந்தத் தெருவில் யாரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். வாதத்துக்குத் தேவையில்லாத அடையாளத்தை மாற்றலாம்: வேப்பமரம் புங்கமரமாகட்டும், நீலம் சிவப்பாகட்டும். வாதத்தைத் தாங்கும் எதையும் மாற்றக் கூடாது: பேத்தியை மகனாக்கினாலோ, நான்கு தடவையைப் பத்தாக்கினாலோ அது சான்று இல்லை. எதை மாற்றினோம் என்ற பட்டியல் நோட்டோடு பூட்டி வைக்கப்பட வேண்டும். இங்கே அதிக ஆபத்து மூதாட்டிக்குக்கூட இல்லை, விற்பனையாளருக்கு. ஒரு கடையில் ஒரே விற்பனையாளர்தான். “நான் என்ன பண்ண” என்ற சலிப்பு மேலதிகாரி கையில் போய்ச் சேர்ந்தால் அதற்கு விளக்கம் கேட்டு வருவது நிஜ மெமோவாக இருக்கும்.

ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சித்திரத்தின் கீழும், உங்கள் கைப்படியில் மட்டுமாவது, நோட்டு எண், பக்கம், தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். வாய்மொழித் தேர்வில் “இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று யாராவது கேட்டால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட முடிய வேண்டும்.